150 ஏ.ஹெச். என்றால் எத்தனை மணி நேரம்?

வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கரண்ட் போனா ஃபேன் எவ்வளவு நேரம் ஓடும்?" அவர்களுக்கு முன்னால் வைக்கப்படும் பெட்டிகளில் நேரமும் இருக்காது, ஃபேனும் இருக்காது. 1100 வி.ஏ., 12 வோல்ட், ப்யூர் சைன் வேவ், 150 ஏ.ஹெச்., சி20, டால் டியூபுலர் என்று வரிசையாக அச்சடித்திருக்கும். அத்தனையும் உண்மை. அதை அப்படியே ஒப்பிக்கும் கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்டவர் கையில் தீர்மானிக்க எதுவும் சேர்வதில்லை. கடைசியில் விலையைப் பார்த்து, பக்கத்து வீட்டில் இருக்கும் பிராண்டைப் பார்த்து, ஏதோ ஒன்றை வாங்கிப் போகிறார். அடுத்த மழைக்காலத்தில் நள்ளிரவு ஒரு மணிக்கு ஃபேன் நின்றுவிட்டால், "பேட்டரி சரியில்லை" என்று சண்டைக்கு வருகிறார். பல நேரம் பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். விற்கும்போது நடந்த பேச்சில்தான் கோளாறு.

தொழில்நுட்பம் தெரியாதவருக்குத் தொழில்நுட்பப் பொருளை விளக்க உவமை சொல்ல வேண்டும் என்பது எல்லா விற்பனையாளருக்கும் தெரியும். எந்த உவமை என்பதில்தான் சறுக்குகிறார்கள். "இன்வெர்ட்டர் மூளை மாதிரி, பேட்டரி இதயம் மாதிரி" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதயம் 150 வேண்டுமா, 200 வேண்டுமா என்று அது சொல்வதில்லை. "இதுதான் சார் பென்ஸ், அதெல்லாம் ஆட்டோ" என்பது இன்னொன்று. அது விலையைத் தவிர வேறெதையும் விளக்கவில்லை. வாங்குகிறவர் அந்த உவமையைக் கையில் எடுத்துக்கொண்டு தானே ஒரு கணக்குப் போட முடியவேண்டும். அப்படிப் போட முடியாத உவமை வெறும் அலங்காரம்.

இன்வெர்ட்டருக்கு நம் ஊர்களில் பொருத்தமான உவமை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. ஒரு சிறுநகரத்துக் கடையில் நடக்கக்கூடிய பேச்சாக இதை எழுதிப் பார்க்கிறேன். வாங்க வந்தவர் நாற்பதைத் தாண்டிய இல்லத்தரசி. வீட்டில் வயதான மாமியாரும் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

"தம்பி, 900-ன்னு ஒண்ணு இருக்கு, 1100-ன்னு ஒண்ணு இருக்கு. பெருசு வாங்கினா கூட நேரம் ஓடுமா?"

"இல்லக்கா. உங்க வீட்டு மாடியில தொட்டி இருக்குல்ல? தொட்டிதான் பேட்டரி. தொட்டியில இருந்து கீழ இறங்குற பைப்புதான் இன்வெர்ட்டர். ஃபேன், லைட்டு, டிவி எல்லாம் குழாய். 900, 1100-ங்கிறது பைப்போட அளவு. பைப்பு பெருசா இருந்தா ஒரே நேரத்துல நிறைய குழாயைத் திறந்துவிடலாம், அவ்வளவுதான். தண்ணி எவ்வளவு நேரம் வரும்ங்கிறது தொட்டியைப் பொறுத்தது. அது இந்த 150."

இதில் தொட்டி ஒரு வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டது. வி.ஏ. என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு என்பதற்கு, ஏ.ஹெச். என்பது எவ்வளவு நேரம் என்பதற்கு. இந்த இரண்டும் வாங்குபவர் மனதில் குழம்பிக் கிடப்பதால்தான் அதிக நேரம் ஓடும் என்று நம்பிப் பெரிய இன்வெர்ட்டருக்குக் காசு கொடுத்துவிட்டு, பேட்டரியில் மிச்சம் பிடிக்கிறார்கள். பைப்பைப் பெரிதாக்கினால் தொட்டி நிறையாது என்பது வீட்டில் தண்ணீர் மேலாண்மை செய்கிற எவருக்கும் ஒரு நொடியில் புரியும். வோல்ட், ஆம்பியர் என்ற சொல்லே இங்கே தேவைப்படவில்லை.

ஆனால் இது பாதி வழிதான். உருவம் கிடைத்தது, அளவு கிடைக்கவில்லை. அவர் கேட்டது எத்தனை மணி நேரம் என்று. அந்த 150-ஐ அவர் வீட்டுப் பொருளால் அளந்து காட்டினால்தான் பதில் கிடைக்கும்.

இந்த வேலையைச் செய்து உலகப்புகழ் பெற்றவர் ஒருவர் இருக்கிறார். ஜேம்ஸ் வாட் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி எஞ்சின் விற்றபோது, முதலில் சுரங்க முதலாளிகளிடம் அவருக்குப் பெரிய சிரமம் இல்லை. அவர்களிடம் ஏற்கெனவே நியூகோமனின் பழைய எஞ்சின் இருந்தது. புது எஞ்சினால் மிச்சமாகும் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கின் மதிப்பைக் கட்டணமாக வாங்கினால் போதும். ஆலைக்காரர்களிடம் போனபோது அந்த அளவுகோல் உதவவில்லை. அவர்கள் குதிரைகளைச் செக்கு மாடு போல் சுற்றவிட்டு எந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் பழைய எஞ்சின் கிடையாது. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இதை வாங்கினால் எத்தனை குதிரையைக் குறைக்கலாம்? வாட் ஒரு குதிரையின் வேலையை எண்ணாக்கினார். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கும் வேலை, ஒரு குதிரைத் திறன். இன்றைய அளவில் அது ஏறக்குறைய 746 வாட். சாதாரணக் குதிரையால் நாள் முழுக்க அந்த வேகத்தில் உழைக்க முடியாது என்று பின்னால் அளந்தவர்கள் சொன்னார்கள். ஆக, பத்துக் குதிரை எஞ்சின் வாங்கியவருக்குப் பத்துக் குதிரைக்கு மேலேயே வேலை கிடைத்தது. உவமையில் பிழை இருந்தால் அது வாங்குகிறவர் பக்கம் சாய்ந்த பிழையாக இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. குதிரை கட்டி ஏற்றம் இறைத்தே பழகாத நம் விவசாயிகள்கூட இன்றைக்கும் 5 எச்.பி. மோட்டார் என்றுதான் கடையில் கேட்கிறார்கள்.

இன்வெர்ட்டர் கடையில் குதிரைக்குப் பதில் ஃபேன் இருக்கிறது. அது எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 150 ஏ.ஹெச். சி20 என்பதன் பொருள், நிறையச் சார்ஜ் ஏறிய புது பேட்டரியில் 7.5 ஆம்பியர் வீதம் நிதானமாக எடுத்தால் 20 மணி நேரம் தாங்கும் என்பது. 12 வோல்ட் பேட்டரியில் 7.5 ஆம்பியர் என்றால் 90 வாட். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும்போது இன்வெர்ட்டரில் 100-க்கு 15 போல வீணாகும். மிச்சம் சுமார் 76 வாட். பழைய மாதிரி சீலிங் ஃபேன் ஒன்று எடுப்பது சுமார் 75 வாட். அப்படியானால் பெட்டியில் அச்சடித்த அந்தப் புரியாத வரிக்கு அர்த்தம் இதுதான்: ஒரு ஃபேன், 20 மணி நேரம். இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே கொஞ்சம் மின்சாரம் எடுக்கும், அதையும் கழித்து 17 மணி நேரம் என்று சொல்லிவிடலாம்.

இனி வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஃபேனாக எண்ணலாம். 9 வாட் எல்.இ.டி. பல்பு எட்டு சேர்ந்தால் ஒரு ஃபேன். சின்ன எல்.இ.டி. டிவி அரை ஃபேன். வைஃபை பெட்டியைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம் எனலாம், 10 வாட்தான். மிக்ஸி பத்து ஃபேன். நம் இல்லத்தரசி பட்டியல் போடுகிறார். சாயங்காலம் கரண்ட் போனால் மூன்று ஃபேன், ஐந்து பல்பு, டிவி, வைஃபை. 225, 45, 40, 10, மொத்தம் 320 வாட். கிட்டத்தட்ட நாலேகால் ஃபேன். ராத்திரி இரண்டு ஃபேனும் வைஃபையும் மட்டும், 160 வாட். இரண்டு ஃபேனுக்கு ஒரு சொட்டு மேல்.

"அப்போ சாயங்காலம் அஞ்சு மணி நேரம் வரும், ராத்திரி பத்து மணி நேரம் வரும், சரியா தம்பி?"

20-ஐ நாலால் வகுத்தார், இரண்டால் வகுத்தார். தொட்டியைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு சரி. நாலு குழாய் திறந்தால் தண்ணீர் நாலு மடங்கு வேகமாகத் தீரும், ஆனால் மொத்தம் கிடைப்பது அதே ஆயிரம் லிட்டர்தான். இந்த இடத்தில் தலையாட்டிவிட்டு பில் போடுகிற கடைக்காரர்தான் அந்த நள்ளிரவுச் சண்டைக்கு விதை போடுகிறார். ஏனென்றால் பேட்டரி இந்த இடத்தில் தொட்டியைப் போல நடந்துகொள்வதில்லை.

ஈய அமிலப் பேட்டரியில் மின்சாரம் சேமித்து வைக்கப்படவில்லை. ஈயத் தகடுகளும் அமிலமும் வினைபுரிந்துதான் அது உண்டாகிறது. வேகமாகக் கேட்டால், தகட்டின் உள்துளைகளுக்குள் அமிலம் போய்ச் சேர நேரம் போதாமல் மேற்பரப்பிலேயே வினை முடிந்துபோகிறது. உள்ளே இன்னும் சரக்கு இருக்கும்போதே வோல்ட் இறங்கி, பேட்டரி பாழாகக் கூடாது என்று இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். 20 மணி நேரத்தில் எடுத்தால் கிடைக்கும் 150, பத்து மணி நேர வேகத்தில் எடுத்தால் சுமார் 127. நான்கு மணி நேர வேகத்தில் 108 போலத்தான் தேறும். தயாரிப்புக்குத் தயாரிப்பு இந்த எண் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. கணக்குப் போட்டால் சாயங்காலப் பட்டியல் மூன்றரை மணி நேரம் ஓடும். ராத்திரிப் பட்டியல் எட்டு மணி நேரம்.

இதை எப்படிச் சொல்வது? புதிதாக இன்னொரு உவமையைத் தேடி ஓடவேண்டியதில்லை. தொட்டி இதுவரை வந்தது, இதற்கு மேல் வராது என்று நேராகச் சொல்லிவிடுவதே நல்லது.

"இந்த ஒரு விஷயத்துல மட்டும் பேட்டரி தொட்டி மாதிரி இல்லக்கா. அவசரமா எடுத்தா கம்மியா குடுக்கும், நிதானமா எடுத்தா நிறைய குடுக்கும். நாலு ஃபேன்னா அஞ்சு மணி நேரம் வராது, மூணரைதான். ரெண்டு ஃபேன்னா எட்டு. பாதியா குறைச்சீங்கன்னா ரெண்டு மடங்குக்கும் மேல வரும்."

இப்படிச் சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. உவமை எங்கே முறிகிறது என்று சொல்கிறவரை வாடிக்கையாளர் மற்ற இடங்களில் கூடுதலாகவே நம்புவார். அதைவிட முக்கியம், முறியும் இடத்தில்தான் காசு போகிறது.

உவமை ஒன்றை எடுத்துக்கொண்டால் அது சில கேள்விகளை எளிதாக்கும், சிலவற்றில் வழிதவற வைக்கும். இது வெறும் அனுபவப் பேச்சு அல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் டீட்ரி ஜென்ட்னரும் டோனல்ட் ஜென்ட்னரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், மின்சாரப் பாடம் அதிகம் தெரியாத மாணவர்கள் மின்சாரத்தை மனதுக்குள் எப்படிக் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். சிலர் குழாயில் ஓடும் தண்ணீராக நினைத்தார்கள். சிலர் வாசல் வழியாக நெருக்கியடித்துப் போகும் கூட்டமாக நினைத்தார்கள். பேட்டரிகளை அடுக்கி இணைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளைத் தண்ணீர்க்காரர்கள் நன்றாகச் செய்தார்கள். மின்னோட்டத்தைக் குறைக்கும் தடைகளை இணைக்கும் கேள்விகளில் கூட்டத்தை நினைத்தவர்கள் முந்தினார்கள். மின்சாரம் ஒன்றுதான், மனதில் இருந்த படம் வேறு, அதனால் சரியாக வந்த விடையும் வேறு. கடைக்காரர் போகிறபோக்கில் சொல்லும் ஒரு வாக்கியம் வாடிக்கையாளர் வீட்டில் ஐந்து வருடம் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அதனால் அந்தப் படத்தின் ஓட்டைகளையும் கூடவே கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது.

தொட்டிப் படத்தில் இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. இரண்டுமே வாரண்டிச் சண்டையில் வந்து முடிபவை.

ஒன்று, காலியாகக் கிடப்பது. தொட்டியைக் காலியாக விட்டு ஊருக்குப் போனால் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது. பேட்டரியைத் தீர்ந்த நிலையில் போட்டு வைத்தால் தகடுகளில் படிந்த ஈய சல்பேட் இறுகிப்போகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அந்தப் பகுதி திரும்ப வேலைக்கு வராது. கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போகிறவர்கள் இதைத்தான் தெரியாமல் செய்கிறார்கள். பயன்படுத்தாவிட்டாலும் பேட்டரி தானாக மெல்ல மெல்லச் சார்ஜ் இறங்கும். இன்வெர்ட்டர் ஆனில் இருந்தால் அது எடுப்பதும் சேரும். இரண்டு மாதம் கழித்து வந்து பார்த்தால் எட்டு மணி நேரம் ஓடியது மூன்றாகிவிட்டிருக்கும். "தொட்டி காலியா கிடந்தா பரவாயில்ல, பேட்டரி காலியா கிடக்கக் கூடாது" என்ற ஒரு வரி இதைத் தடுக்கும். அதே காரணத்தால், தினமும் அடிவரை வழித்து எடுக்கும் பேட்டரி, பாதியோடு நிறுத்தப்படும் பேட்டரியை விட முன்னாலேயே ஓய்ந்துவிடும்.

மற்றது, நிரம்பும் வேகம். மாடித் தொட்டி மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்தில் வழிந்துவிடும். 150 ஏ.ஹெச். பேட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர் வீதம்தான் சார்ஜ் ஏற்றுவார்கள். முழுதாகத் தீர்ந்தது நிறைய 10 முதல் 12 மணி நேரம் ஆகும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை 5 மணிக்குக் கரண்ட் கொடுக்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் இரண்டு ஃபேன் ஓட்டிப் பேட்டரியைத் தீர்த்தாயிற்று. அன்றைக்கே இரவு 9 மணிக்கு மழையில் மறுபடி கரண்ட் போனால் பேட்டரி முழுதாக ஏறியிருக்காது. அன்றிரவு எட்டு மணி நேரத்தை எதிர்பார்க்கக் கூடாது. இதை முன்பே சொல்லியிருந்தால், அவரே சாயங்காலம் டிவியை இன்வெர்ட்டர் லைனில் இருந்து எடுத்துவிடுவார்.

பைப் பக்கமும் ஒரு சங்கடம் இருக்கிறது. 1100 வி.ஏ. என்று எழுதியிருந்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 880 வாட், அதாவது பதினொரு ஃபேன். அரை எச்.பி. தண்ணீர் மோட்டார் ஓடும்போது எடுப்பது ஏழெட்டு ஃபேன் அளவுதான். அப்படியானால் போடலாமே என்று தோன்றும். ஆனால் மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் முதல் நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஓவர்லோடு விளக்கு எரிந்து இன்வெர்ட்டர் நின்றுவிடும். ஃப்ரிட்ஜின் கம்ப்ரசரும் இந்த இனம்தான். குழாய் எதுவும் திறந்த நொடியில் ஆறு குழாயாக மாறுவதில்லை, ஆகவே தொட்டியை வைத்து இதை விளக்க முயல்வது வீண். "மோட்டார், ஃப்ரிட்ஜ், மிக்ஸி இந்த லைன்ல வேண்டாம்" என்று சொல்லி, எலெக்ட்ரீஷியனிடம் அந்தப் பாயிண்டுகளை இன்வெர்ட்டர் ஒயரிங்கில் சேர்க்காமல் பிரித்துவிடச் சொல்வதே சரி.

சைன் வேவ் என்பதற்கும் தண்ணீர் உதவாது. வீட்டு மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதில்லை, நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைந்து திரும்புகிறது. அந்த அலைவு வழவழவென்று வளைந்து போனால் சைன் வேவ். திடீர் திடீரென்று மேலும் கீழும் குதித்தால் ஸ்கொயர் வேவ். இதற்கு உவமை தேடுவதைவிட, கடையில் ஒரு சீலிங் ஃபேனை மாட்டிவைத்து இரண்டு இன்வெர்ட்டரிலும் மாற்றி மாற்றி ஓட்டிக் காட்டுவது மேல். ஸ்கொயர் வேவில் ஃபேன் 'ம்ம்ம்' என்று முனகும், மோட்டாரும் கூடுதலாகச் சூடாகும். மாமியார் தலைக்கு மேல் அந்த முனகல் ராத்திரி முழுக்க வேண்டுமா என்று அவர் காதே முடிவு செய்துகொள்ளும். காட்ட முடிந்ததை வார்த்தையில் அடைக்க முயல்வது, நல்ல விளக்கக்காரர்களிடமும் நான் பார்க்கும் பலவீனம்.

வாங்குகிறவருக்குப் புரிந்ததா என்பதைத் தலையாட்டலை வைத்துச் சொல்ல முடியாது. கூச்சத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்பதற்குப் பதில் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். "ஒரு ஃபேனை நிறுத்திட்டா என்னக்கா ஆகும்?" அதிக நேரம் ஓடும் என்று வந்தால் தொட்டி புரிந்திருக்கிறது. "இதே பேட்டரியில 900-க்குப் பதிலா 1100 மாட்டினா?" ஒன்றும் மாறாது, இன்னும் நிறையப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று வந்தால் பைப்பும் புரிந்திருக்கிறது. இங்கே "அதிக நேரம் வரும்" என்று பதில் வந்தால் பில் புத்தகத்தைத் திறக்காமல் மறுபடி மாடிக்குப் போய்த் தொட்டியில் இருந்து தொடங்கவேண்டும். அடுக்குமாடியில் குடியிருந்து தொட்டியையே பார்க்காதவராக இருந்தால், கையிலிருக்கும் போனில் இருந்து தொடங்கலாம். வீடியோ பார்த்தால் சார்ஜ் வேகமாக இறங்குவதும், போன் பழசானால் 100 காட்டியும் அரை நாளில் தீர்வதும் அவருக்குத் தெரியும். அதிலும் இருப்பது பேட்டரிதான்.

நம் இல்லத்தரசியின் கணக்கு இன்னும் முடியவில்லை. அவருடைய பட்டியலில் அதிகபட்சம் 320 வாட். 900 வி.ஏ. இன்வெர்ட்டர் 720 வாட் கொடுக்கும், தாராளம். ஆக 1100 தேவையில்லை என்பது முடிவாயிற்று. அந்த மிச்சப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு 200 ஏ.ஹெச். பேட்டரிக்குப் போகலாமா என்று கடைக்காரர் கேட்கிறார். இரண்டு ஃபேன் எட்டுக்குப் பதில் 11 மணி நேரம் ஓடும். நியாயமான யோசனைதான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறொன்று கேட்கிறார்.

"தொட்டியைப் பெருசாக்குறதுக்குப் பதிலா, தண்ணி கம்மியா எடுக்கிற குழாய் இருக்கா தம்பி?"

கடைக்காரர் சொல்லிக்கொடுக்காத கேள்வி இது. ஏ.ஹெச்., சி20 என்று ஒப்பித்திருந்தால் இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியிருக்க வழியே இல்லை. அப்படிக் குழாய் இருக்கிறது. பி.எல்.டி.சி. என்று போட்டு விற்கும் ஃபேன், முழு வேகத்தில் 75-க்குப் பதில் 30 வாட் போல எடுக்கிறது. படுக்கையறை இரண்டிலும் அதை மாட்டினால் இரண்டு ஃபேனும் வைஃபையும் சேர்ந்து 70 வாட்தான், பழைய ஃபேன் ஒன்றின் அளவு. பழைய ஃபேன் ஒன்று எவ்வளவு நேரம் ஓடும் என்பது அவருக்கே இப்போது தெரியும், 17 மணி நேரம். பேட்டரி அதே 150. பராமரிப்பு நாளில் பகல் முழுக்க ஓட்டினாலும் பாதிக்கு மேல் சார்ஜ் மிஞ்சும். மிஞ்சுவதால் பேட்டரி அடிவரை தீராது, ஆயுளும் கூடும். கரண்ட் பில்லிலும் அந்த ஃபேன்கள் குறைத்துக் காட்டும்.

அன்றைய பில்லில் ஏறியவை 900 வி.ஏ. சைன் வேவ் இன்வெர்ட்டர், 150 ஏ.ஹெச். பேட்டரி, பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு. பில்லின் பின்பக்கம் கடைக்காரர் கையால் எழுதிக்கொடுக்க வேண்டியவை சில உண்டு. ரூம் ஃபேன் இரண்டும் வைஃபையும் மட்டும் 17 மணி நேரம். ஹால் ஃபேனும் லைட்டும் டிவியும் சேர்ந்தால் 230 வாட், அப்போது ஐந்து மணி நேரம். இது புது பேட்டரிக்கு, வருடம் ஆக ஆகக் குறையும், பாதியாகிவிட்டால் கொண்டுவந்து செக் பண்ணவும். மிதவைக் குறி இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றவும், குழாய்த் தண்ணீரோ ஆசிடோ கூடாது. புது ஃபேனைப் பழைய ரெகுலேட்டரில் மாட்ட வேண்டாம், நேரடி லைன் கொடுத்து ரிமோட்டில் வேகத்தை மாற்றவும்.